விரலா, முகமா, இலக்கமா? போனைப் பூட்டுவது எப்படி

மருதனார்மடம் சந்தையில் வெங்காயம் விற்கும் அக்கா ஒருவர் அண்மையில் ஒரு காலைப்பொழுதில் கலங்கிய கண்களோடு எம்மிடம் வந்தார். கையில் புதிய போன். வெளிநாட்டில் இருக்கும் தங்கை அனுப்பியது. கொழும்பிலிருந்து விடுமுறைக்கு வந்த மருமகன் அதில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய் இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன.

“தங்கச்சி, விரலை வைச்சால் திறக்கும் எண்டுதான் மருமோன் சொன்னவன். ராத்திரி சார்ஜ் இறங்கி நிண்டுட்டுது. காலமை போட்டால் ஏதோ இலக்கம் கேக்குது. நான் ஒரு இலக்கமும் போடேல்லையே!”

கடைக்காரர் ஒருவர் ‘ரீசெற்’ பண்ணினால் திறக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். அது உண்மைதான். ஆனால் ரீசெற் பண்ணினால் போனுக்குள் உள்ள படங்கள் எல்லாம் அழிந்துவிடும். அக்காவின் கணவருடைய ஒரேயொரு படம் அதற்குள்தான் இருந்தது. இடம்பெயர்வுகளின்போது நனைந்து கறுத்துப்போன பழைய படமொன்றை, அது முற்றாக உதிருமுன் யாரோ போனில் எடுத்து வைத்திருந்தார்கள். பழைய போனையும் துடைத்து வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று.

அக்காவுக்கு நடந்தது பலருக்கும் நடக்கக்கூடியது. விரலோ முகமோ தனியாக ஒரு பூட்டு அல்ல. அதற்கு அடியில் எப்போதும் ஓர் இலக்கம், அல்லது கோடு போடும் பற்றன், அல்லது கடவுச்சொல் இருக்கும். போன் நின்று மீண்டும் இயங்கும்போது அடியில் உள்ளதைத்தான் கேட்கும். அன்ட்ரொயிட் போன்களில் விரலை மட்டுமே பாவித்து வந்தாலும் மூன்று நாட்களுக்கு ஒருமுறை அதைக் கேட்கும். ஆகவே யார் போனை ஒழுங்குபடுத்தித் தந்தாலும் அந்த இலக்கத்தை நீங்களே உங்கள் கையால் போட வேண்டும்.

மருமகனைத் தொலைபேசியில் பிடிக்கும்வரை யாரும் எதையும் அமத்திப் பார்க்க வேண்டாம் என்று சொன்னோம். பிழையான இலக்கத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் போன் அரை நிமிடம், பிறகு அதிலும் கூட என்று எம்மைக் காக்க வைக்கும். சில போன்களில் பல தடவை பிழைத்தால் எல்லாவற்றையும் அழித்துவிடும் ஏற்பாடும் உண்டு. மத்தியானம் மருமகன் பேசினார். அக்காவின் தொலைபேசி இலக்கத்தின் கடைசி நான்கு எண்களைத்தான் போட்டிருந்தாராம். படம் கிடைத்தது.

ஆனால் அந்த நான்கு எண்களை யாரும் முதல் தடவையிலேயே ஊகித்திருப்பார்கள். நான்கு எண்களில் பத்தாயிரம் வகை அமைக்கலாம் என்பது சரி. போன் காக்க வைப்பதால் ஒருவர் பத்தாயிரத்தையும் போட்டுப் பார்க்கப் போவதில்லை. அவர் போட்டுப் பார்ப்பது ஐந்து, ஆறுதான்: 1234, பிள்ளையின் பிறந்த ஆண்டு, கணவர் காணாமற்போன நாள். எமது சகோதரிகள் பலர் அந்த நாளைத்தான் இலக்கமாக வைத்திருக்கிறார்கள். மறக்க முடியாத நாள் என்பதால் வைக்கிறார்கள். உங்களுக்கு மறக்காத அந்த நாள் உறவினருக்கும் அயலவருக்கும் தெரியும். நாட்களோடு தொடர்பில்லாத ஆறு எண்கள் நல்லது.

பற்றன் எண்களோடு சிரமப்படுபவர்களுக்கு இலகுவானது. கோலம் போட்ட கைக்குக் கோடு மறக்காது. ஆனால் பார்ப்பவருக்கும் அது மறக்காது என்பதுதான் குறை. 2017இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி ஆய்வாளர்கள் போன் திறப்பதை ஒருமுறை பார்த்தவர்களைச் சோதித்தார்கள். ஆறு புள்ளிப் பற்றனை நூற்றுக்கு 64 பேரளவில் அப்படியே போட்டார்கள். ஆறு எண் இலக்கத்தைப் போட்டவர்கள் 11 பேரளவில்தான். விரல் போகும் கோட்டைத் திரையில் காட்டாமல் விட்டபோது 64 என்பது 35 அளவுக்கு இறங்கியது. பற்றன்தான் வேண்டுமென்றால் செற்றிங்ஸில் Make pattern visible என்பதை நிறுத்தி விடுங்கள். எண்ணெய்க் கையால் திறந்தால் கண்ணாடியில் கோடு படிந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். பஸ்ஸில் பின் இருக்கையில் இருப்பவரைவிட வீட்டில் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் இவையெல்லாம் நன்றாகத் தெரியும்.

முகத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விலை குறைந்த போன்கள் பலவற்றில் முன் கமெரா எடுக்கும் சாதாரண படத்தை வைத்துத்தான் முகம் பார்க்கப்படுகிறது. நெதர்லாந்தின் நுகர்வோர் அமைப்பொன்று 2019இல் 110 போன்களைச் சோதித்தபோது 42 போன்கள் சொந்தக்காரரின் படத்தைக் காட்டியதும் திறந்துகொண்டன. ஐபோனின் முகப்பூட்டு முகத்தின் மேடுபள்ளத்தை அளப்பதால் படத்துக்கு ஏமாறாது. உங்கள் போன் எந்த வகை என்று அறிய வங்கிச் செயலியைத் திறந்து பாருங்கள். அது விரலை ஏற்று முகத்தை ஏற்காவிட்டால் பெரும்பாலும் போனின் முகப்பூட்டு பலவீனமானது. அத்தகைய போனில் முகத்தைப் பாவிக்க வேண்டாம் என்பதே எனது கருத்து.

விரலுக்கு வருவோம். படத்தாலோ எட்டிப் பார்ப்பதாலோ அதை இலகுவில் திருட முடியாது. ஆனால் நித்திரையில் இருப்பவரின் விரலும் போனைத் திறக்கும். 2017 நவம்பரில் டோகாவிலிருந்து பாலி நோக்கிப் பறந்த விமானமொன்று நடுவழியில் சென்னையில் இறக்கப்பட்டது. ஈரானியப் பெண் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்த கணவரின் விரலை அவரது போனில் வைத்துத் திறந்து, உள்ளே கண்டவற்றால் சண்டை மூண்டதே காரணம் எனச் செய்திகள் வெளியாயின. அங்கே திறந்தவர் மனைவி. எமது வீடுகளில் பெரும்பாலும் மறுபக்கமாகவே நடக்கிறது. வங்கிக் காசு, அக்காமாரோடு பேசிய வார்த்தை, முறைப்பாட்டுக்காக எடுத்து வைத்த காயத்தின் படம் இவற்றுக்காக வீட்டிலுள்ள ஒருவருக்கு அஞ்சவேண்டிய நிலை உங்களுக்கு இருந்தால் விரலை நீக்கிவிட்டு இலக்கத்தை மட்டும் வையுங்கள்.

உங்கள் இலக்கம் தெரிந்த ஒருவர் தனது விரலையும் போனில் சேர்த்துவிட முடியும். செற்றிங்ஸில் கைரேகைப் பகுதியைத் திறந்தால் எத்தனை விரல்கள் பதிந்துள்ளன என்று தெரியும். நீங்கள் இரண்டு பதிந்திருக்க அங்கே மூன்று இருந்தால், எல்லாவற்றையும் அழித்து முதலில் இலக்கத்தை மாற்றி, பிறகு உங்கள் விரலை மட்டும் பதியுங்கள். இலக்கத்தை மாற்றாமல் விரலை மட்டும் அழிப்பதில் பயனில்லை.

அச்சமில்லாத வீட்டில் விரல் நல்லதுதான். சந்தையில் எல்லாரும் பார்க்க இலக்கம் போடவேண்டியதில்லை. போனைப் பறித்துவிடுவார்கள் என்று எங்காவது பயமாக இருந்தால் அதை நிறுத்தி விடுங்கள். மீண்டும் போட்டால் விரலுக்குத் திறக்காது, இலக்கத்தைத்தான் கேட்கும். பல போன்களில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் வரும் Lockdown என்பதும் இதையே செய்கிறது.

அக்காவின் வலக்கைப் பெருவிரல் பிறகும் சண்டித்தனம் பண்ணியது. வெங்காயம் உரித்தும் செம்மண் கிண்டியும் ரேகை தேய்ந்து வெடித்திருந்தது. போன் பார்ப்பது ரேகையின் மேடு பள்ளத்தைத்தான். இடக்கையின் மோதிர விரலை, கழுவித் துடைத்த பின் பதிந்தோம். அதே விரலை வேலை முடிந்த ஒரு பின்னேரம் இரண்டாம் தடவையும் பதிந்தோம். இப்போது பெரும்பாலும் திறக்கிறது.

ஆறு எண் இலக்கத்தை அக்காவே போட்டார். அதை எழுதிய துண்டு வீட்டில் நகை அடைவுச் சிட்டைகளோடு இருக்கிறது. கணவரின் படத்தை ஒரு ஸ்ரூடியோவில் கழுவி இரண்டு பிரதி எடுத்தார். ஒன்று சாமியறையில், மற்றது மகளிடம்.