ஒரே ஒரு முறை திறக்கும் படம்

வாட்ஸ்அப்பில் ஒருவர் உங்கள் ஆதார் அட்டையின் படத்தைக் கேட்கிறார். படத்தைத் தேர்ந்தெடுத்து, வாசகம் எழுதும் பெட்டியின் ஓரத்தில் வட்டத்துக்குள் இருக்கும் ‘1’ஐத் தட்டி அனுப்புகிறீர்கள். அவர் சாட்டில் படம் தெரியாது, அந்த வட்டம்தான் தெரியும். தொட்டால் திறக்கும். மூடினால் மறுபடி திறக்காது. கேலரியில் சேராது, ஃபார்வேர்டும் செய்ய முடியாது. 14 நாளுக்குள் திறக்காவிட்டால் தானே காலாவதியாகிவிடும்.

கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் பூட்டு படத்தில் இல்லை. பூட்டப்பட்ட கோப்பாக சர்வரில் ஏறும் படத்தை, அவருடைய போன் இறக்கிச் சாவி போட்டுத் திறக்கிறது. கூடவே ‘ஒருமுறை மட்டும் காட்டு’ என்று ஒரு சிறு குறிப்பும் போகிறது. அதற்குக் கட்டுப்படுவது அவர் போனில் உள்ள செயலி. முழுப் படமும் அவர் கைக்குப் போய்விட்டது என்பதே உண்மை.

2021இல் இந்த வசதி வந்தபோது ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தடையே இல்லை. அடுத்த ஆண்டுதான் தடை வந்தது. இப்போது எடுத்துப் பார்த்தாலும் படம் சிக்காது. ஆனால் பக்கத்தில் இன்னொரு போனைப் பிடித்துக் கிளிக் செய்வதை எந்தச் செயலி தடுக்கும்? உங்களுக்கு அது தெரியவும் வராது. ‘Opened’ என்று காட்டுவது திறந்தார் என்பதை மட்டும்தான், அதுவும் அவர் ரீட் ரிசீட்டை அணைக்காமல் வைத்திருந்தால்.

2024 செப்டம்பரில் ஸென்கோ நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைவிட மோசமான ஓட்டையை வெளிப்படுத்தினார்கள். கணினியில் திறக்கும் வாட்ஸ்அப் வெப், இந்தப் படங்களைக் காட்டாது, போனில் பார்க்கச் சொல்லும். ஆனால் காட்டாத அந்தக் கணினிக்கும் படத்தை இறக்கத் தேவையான விவரங்கள் போய்க்கொண்டிருந்தன. குறிப்பில் ‘ஆம்’ என்றிருந்ததை ‘இல்லை’ என்று மாற்றினால் போதும், அது சாதாரணப் படமாகி சேமிக்கவும் பரப்பவும் வசதியாகிவிடும். இதைச் செய்துதரும் பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தன! வாட்ஸ்அப் பிறகு திருத்தங்கள் செய்தது. இன்னொரு போனின் கேமராவுக்குத்தான் எந்தத் திருத்தமும் இல்லை.

ஆக, படம் தற்செயலாகப் பரவாமல் இருக்க இது உதவும். வேண்டுமென்றே எடுத்து வைத்துக்கொள்ள நினைப்பவரைத் தடுக்காது. ஆதார் விஷயத்தில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் ‘மாஸ்க்டு ஆதாரை’ யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். கேட்பவர் அதை ஏற்றுக்கொள்வார் என்றால், முழு எண்ணை எதற்கு அனுப்ப வேண்டும்?

பெறுபவருக்கு நியாயமான வழியும் ஒன்று உண்டு. ஆபாசப் படமோ மிரட்டலோ இப்படி வந்தால் அந்தச் செய்தியை ‘ரிப்போர்ட்’ செய்யலாம். அப்போது அந்தப் படம் வாட்ஸ்அப் நிறுவனத்துக்கே போய்ச்சேரும்.