டொரன்டோவில் பிற்பகல், சென்னையில் நள்ளிரவு

2024 ஏப்ரல் 22, திங்கட்கிழமை பிறந்த அதே நிமிடத்தில் கேண்டிடேட்ஸ் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று தொடங்கியது. போட்டி நடந்த டொரன்டோவின் கிரேட் ஹாலில் அப்போது ஞாயிறு பிற்பகல் மணி இரண்டரை. அரைப் புள்ளி முன்னிலையில் சென்னையின் குகேஷ், அவரைத் துரத்தியபடி மூன்று பேர். நகமுராவுடன் டிரா செய்த பிறகும் குகேஷுக்குப் பட்டம் உறுதியாகவில்லை. கருவானாவும் நெபோம்னியாச்சியும் இன்னொரு பலகையில் விடாமல் மோதிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜெயித்தால் டை பிரேக்கர். 109 நகர்த்தல்களுக்குப் பிறகு அந்த ஆட்டமும் டிராவில் முடிய, கேண்டிடேட்ஸை வென்றவர்களிலேயே இளையவர் ஆனார் 17 வயது குகேஷ். இங்கே கண் விழித்துப் பார்த்தவர்களுக்கு அதற்குள் விடியும் நேரம் வந்துவிட்டது. சில மணி நேரத்தில் அலுவலகம், கல்லூரி, பள்ளி.

ஒரே ஒரு ராத்திரி என்றால் உடம்பு பொறுத்துக்கொள்ளும். கேண்டிடேட்ஸ் அப்படியில்லை. 14 சுற்றுகள், நடுவில் நான்கு ஓய்வு நாட்கள், மொத்தம் 18 நாட்கள். ஒவ்வொரு சுற்றும் இந்திய நேரப்படி நள்ளிரவு 12 மணிக்கு. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்த ஏப்ரல் 19-ம் தேதிகூட, 12-வது சுற்றைப் பார்த்துவிட்டுத்தான் பலர் வாக்குச்சாவடிக்குப் போயிருப்பார்கள். குகேஷோடு பிரக்ஞானந்தாவும் வைஷாலியும் ஆடியதால் எந்தச் சுற்றை விடுவது என்று ரசிகர்களுக்குத் தெரியவில்லை.

இப்படித் தொடர்ந்து தூக்கத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தெளிவான ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த அந்த ஆய்வின் முடிவுகள் 2003-ல் வெளியாயின. தினமும் ஆறு மணி நேரம் மட்டுமே தூங்க அனுமதிக்கப்பட்டவர்களின் கவனமும் நினைவும் நாளுக்கு நாள் சரிந்தன. பதினான்கு நாள் முடிவில், ஒரு ராத்திரி அடியோடு தூங்காதவர்களின் நிலையை நெருங்கிவிட்டார்கள். இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. சில நாட்களுக்குப் பிறகு, தங்களுக்குத் தூக்கம் வருவது அதிகமாகவில்லை என்றே அவர்கள் நினைத்தார்கள். ஆகவே, “எனக்குப் பழகிடுச்சு” என்று சொல்பவரின் பேச்சை அவரே நம்பக் கூடாது. படித்த வரியையே திரும்பப் படிப்பது, படுத்த ஐந்து நிமிடத்தில் தன்னை மறந்து தூங்கிவிடுவது, பேருந்தில் உட்கார்ந்ததும் தலை சாய்வது ஆகியவைதான் நம்பத் தகுந்த அடையாளங்கள்.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் ஆள்கின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போய்த் தூக்கத்தை வரவழைக்கிறது. தூங்கினால் அது குறைகிறது. இரண்டாவது, மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம். எத்தனை மணிக்குக் கண் அயர வேண்டும், எத்தனை மணிக்கு உடல் வெப்பம் தாழ வேண்டும் என்பதையெல்லாம் அதுதான் தீர்மானிக்கிறது. அந்தக் கடிகாரத்துக்கு நேரம் காட்டுவது முக்கியமாக வெளிச்சம். ஒரு ராத்திரி விழித்தால் முதல் கணக்கு மட்டும்தான் கெடும், அடுத்த ராத்திரி நன்றாகத் தூங்கினால் பெரும்பாலும் சரியாகும். விடிய விடியப் பார்த்துவிட்டுப் பகல் 11 மணி வரை தூங்குவதை நாலைந்து நாள் செய்தால் கடிகாரமும் பின்னுக்கு நகர்ந்துவிடும். பிறகு போட்டி இல்லாத ராத்திரியிலும் இரண்டு மணி வரை தூக்கம் வராது.

இங்கேதான் நங்கூரத் தூக்கம் உதவிக்கு வருகிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் மைனர்ஸ், வாட்டர்ஹவுஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1980-களின் தொடக்கத்தில் காட்டிய விஷயம் இது. தினமும் ஒரே நேரத்தில் நான்கு மணி நேரம் தூங்கிவிட்டால், மீதித் தூக்கம் முன்பின்னாக எப்போது கிடைத்தாலும், உடல் கடிகாரம் பெரிதாக இடம் மாறுவதில்லை. ராத்திரி ஆட்டம் பார்க்க விரும்புகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, ‘எத்தனை மணி நேரம் தூங்கலாம்?’ என்பதை அல்ல. ‘எந்த நான்கு மணி நேரத்தை எந்த நாளும் விட்டுக்கொடுக்க மாட்டேன்?’ என்பதைத்தான்.

அதற்கு ஆட்டத்தின் போக்கு தெரிந்திருக்க வேண்டும். கேண்டிடேட்ஸின் பொதுப் பிரிவில் முதல் 40 நகர்த்தல்களுக்கு ஆளுக்கு இரண்டு மணி நேரம். 41-வது நகர்த்தலில் இருந்துதான் ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி கூடுதலாகக் கிடைக்கும். அதாவது நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில், கடிகாரத்தில் நேரம் தீர்ந்து கைகள் பரபரக்கும் கட்டம் பெரும்பாலும் மூன்று மணியிலிருந்து நான்கு மணிக்குள் வரும். ஏழாவது சுற்றில் அலிரெசா ஃபிரோஸ்ஜாவிடம் குகேஷ் தோற்றதும் அப்படிப்பட்ட நேர நெருக்கடியில்தான். முதல் ஒரு மணி நேரமோ, வீட்டில் தயாரித்து வந்த ஓபனிங்கை இருவரும் அடுக்கிக்கொண்டிருக்கும் நேரம். அதைக் காலையில் ஐந்து நிமிடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கமாக 11 மணிக்குப் படுத்து 6 மணிக்கு எழும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 12 மணியிலிருந்து விழித்திருந்து பார்த்தால், ஆழ்ந்த தூக்கம் அதிகமாக இருக்கும் முன்னிரவையே அவர் பறிகொடுக்கிறார். அதற்குப் பதில் ஒன்பதரைக்குப் படுத்து, மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்தால், ஐந்தரை மணி நேரத் தூக்கம் கையில் இருக்கிறது. 11 முதல் 3 வரையிலான நங்கூரமும் அசையவில்லை. ஆட்டம் ஐந்து மணிக்குள் முடிந்தால் ஆறேகால் வரை மீண்டும் படுக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பின் 25 நிமிடம் கண்ணை மூடலாம். மொத்தம் ஏழு மணி நேரத்தை நெருங்கிவிடும். இரண்டாவது முறை எழுவது ஆறேகாலுக்கு மேல் போகக் கூடாது என்பதுதான் இதில் கறாராக இருக்க வேண்டிய இடம். எழுந்ததும் மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போய்ச் சிறிது நேரம் வெயில் படும்படி நடந்தால் கடிகாரம் அதே இடத்தில் நிற்கும்.

இதில் சிக்கல்கள் உண்டு. எட்டு மணிக்கே படுத்தால் இன்னும் கூடுதலாகத் தூங்கலாமே என்று தோன்றும். ஆனால் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் உடல் கடிகாரம் நம்மை மிக விழிப்பாக வைத்திருக்கிறது. எட்டு மணிக்குப் படுப்பவர் புரண்டு புரண்டு படுத்து எரிச்சலோடு எழுந்துவிடுவார். ஒன்பதரைக்கும் முதல் நாள் சற்றுத் தாமதமாகத்தான் தூக்கம் வரும். எட்டரையிலிருந்தே வீட்டு விளக்குகளைக் குறைத்து, ஃபோனைத் தள்ளி வைப்பது உதவும்.

மூன்று மணிக்கு எழுவது இன்னொரு சிக்கல். ஆறு மணிக்கு எழுபவருக்கு உடல் வெப்பம் மிகவும் தாழ்வது மூன்றரை, நான்கு மணியளவில். அந்த நேரத்தில் எழுப்பினால் தலை பாரமாக இருக்கும், கால் மணி நேரமாவது மூளை வேலை செய்யாது. அதனால் பார்க்க விரும்பும் கட்டத்துக்கு இருபது நிமிடம் முன்பே எழுந்து முகம் கழுவிக்கொள்வது நல்லது. அறை விளக்கு மங்கலாகவே இருக்கட்டும். உடல் வெப்பம் அடிமட்டத்தைத் தொடுவதற்கு முன் கண்ணில் படும் பலத்த வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதற்குப் பின் படுவது முன்னுக்கு இழுக்கும். முகத்துக்கு நேராகப் பிடித்த ஃபோனைவிட, பத்தடி தள்ளி வெளிச்சம் குறைத்த டிவி மேல்.

காபி விஷயத்தில்தான் நம் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். நள்ளிரவு 12 மணிக்குக் குடித்த திக்கான ஃபில்டர் காபியில் பாதி, ஐந்து மணிக்கு மீண்டும் படுக்கும்போதும் ரத்தத்தில் இருக்கும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. மூன்று மணிக்கு எழுபவர் வெறும் தண்ணீரோடு பார்த்துவிட்டு, ஆறேகாலுக்கு எழுந்த பின் காபியை எடுத்துக்கொள்வது உத்தமம்.

ஆஸ்திரேலியாவில் நடக்கும் டெஸ்ட் போட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2021 ஜனவரியில் நடராஜனும் வாஷிங்டன் சுந்தரும் அறிமுகமான பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் நாள் நமக்குக் காலை ஐந்தரைக்குத் தொடங்கியது. அதற்கு இரவு ஒன்பதரைக்குப் படுத்து ஐந்தேகாலுக்கு எழுந்தாலே போதும், தூக்கத்தை உடைக்க வேண்டியதில்லை. ஆனால் மனிதரின் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவதால், சீக்கிரம் படுக்கப் பழகுவது தாமதமாகப் படுக்கப் பழகுவதைவிடக் கடினம். தொடருக்கு மூன்று நான்கு நாள் முன்பிருந்தே கால் மணி நேரம், கால் மணி நேரமாக முன்னே கொண்டுவர வேண்டும்.

முழு இரவும் பார்த்தே தீர வேண்டிய நாள் ஒன்று வரத்தான் செய்யும். குகேஷின் அந்தக் கடைசிச் சுற்றை யாரும் பாதியில் விட்டிருக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் முதல் நாள் மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கி வைத்துக்கொள்வது, பிறகு தூங்கி ஈடுகட்டுவதைவிடப் பயன் தரும். மறுநாள் காலை பைக்கை எடுக்காமல் பேருந்திலோ ரயிலிலோ போக வேண்டும். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-ல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு அளந்து சொன்னது. வண்டி ஓட்டுவதற்கு இந்தியச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 0.03 சதவீதம்தான். வலிப்பு நோய் உள்ளவர்களும், மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு மருந்து சாப்பிடுபவர்களும் இரவு முழுக்க விழிக்கும் திட்டத்தையே எடுக்கக் கூடாது. தூக்கம் கெடுவதே அவர்களுக்கு நோயைக் கிளப்பிவிடும்.

தூங்கப் போகிறவருக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடுமோ என்ற பயம் இருந்தால், ஃபோனை ஏர்பிளேன் மோடில் போட்டுவிட்டு அலாரத்தை மட்டும் நம்பலாம். காலையில் வாட்ஸ்அப்பைத் திறப்பதற்கு முன் பதிவைப் பார்த்துவிட வேண்டும்.

தொடர் முடிந்த அன்று ராத்திரி எட்டு மணிக்கே போய் விழ வேண்டாம். பத்து மணிக்குப் படுத்து வழக்கமான நேரத்துக்கே எழுந்தால், இரண்டு மூன்று ராத்திரிகளில் பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள். ஒரு வாரம் சரியாகத் தூங்கியும் பகலில் கண் சொருகுகிறது, ராத்திரி குறட்டையும் பலமாக இருக்கிறது என்றால், காரணம் செஸ்ஸாக இருக்காது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறா என்று மருத்துவரிடம் போய்ப் பார்த்துவிட வேண்டும்.