சுவரில் இருக்கும் 'ஃபயர் எக்ஸிட்' வரைபடம் சரியான பக்கம்தான் காட்டுகிறதா? ஒரு நிமிடத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

அலுவலகம், மருத்துவமனை, ஹோட்டல், ஷாப்பிங் மால் என எங்கு போனாலும் லிஃப்ட் பக்கத்திலோ அறைக் கதவுக்குப் பின்னாலோ ஒரு வரைபடம் மாட்டியிருக்கும். பச்சை அம்புக்குறிகள், சிவப்புக் கட்டங்கள், நடுவில் ஒரு புள்ளி. தீ விபத்து நேரத்தில் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்வதற்காக வைத்தது அது. ஆனால் நம்மில் பலர் அதைப் பார்ப்பது லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போது மட்டும்தான்.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த வரைபடம் தவறான சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், அதை நம்பி ஓடுபவர் வாசலுக்குப் பதிலாகப் புகைக்குள் போய் நிற்பார்.

முதலில் தேட வேண்டியது அந்தப் புள்ளி

வரைபடத்தில் 'யூ ஆர் ஹியர்' அல்லது 'நீங்கள் இருக்கும் இடம்' என்று ஒரு புள்ளி இருக்கும். சர்வதேச தர விதிப்படி அது நீல நிறம். நம்மூரில் சிவப்பிலும் போடுகிறார்கள். நிறம் எதுவானாலும், அந்தப் புள்ளி இல்லையென்றால் மற்ற அம்புக்குறிகளால் பயன் குறைவு. புதிதாக வந்தவருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாதே!

புள்ளி இருந்தாலும் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். தப்பிக்கும் வரைபடங்களுக்கான ஐ.எஸ்.ஓ 23601 என்ற சர்வதேச தரம், வரைபடம் அதைப் பார்ப்பவர் நிற்கும் திசைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. அதாவது, படத்தில் இடது பக்கம் இருப்பது உங்களுக்கும் இடது பக்கம் இருக்க வேண்டும். பள்ளிக்கூட மேப் மாதிரி எப்போதும் வடக்கு மேலே இருக்க வேண்டும் என்ற விதி இங்கே கிடையாது.

தப்பு எங்கே நடக்கிறது?

ஒரு அலுவலகத்தின் மூன்றாவது மாடியை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக ஒரு நீளமான வராண்டா. மேற்குக் கோடியில் ஒரு படிக்கட்டு, கிழக்குக் கோடியில் இன்னொன்று. லிஃப்ட் மேற்குப் பக்கம். மின்சாரப் பலகை இருக்கும் அறை கிழக்குப் பக்கம்.

வரைபடத்தை வடக்கு மேலே இருக்கும்படி ஒருவர் வரைந்து, இரண்டு பிரதி எடுக்கிறார். வராண்டாவின் வடக்குச் சுவரில் ஒன்று, எதிரே தெற்குச் சுவரில் ஒன்று.

வடக்குச் சுவரில் இருப்பதைப் பார்ப்பவர் வடக்கு நோக்கி நிற்பார். அவருக்கு இடது கை மேற்கு. படத்திலும் இடது பக்கம் மேற்குதான். 'இடது பக்கம் படிக்கட்டு' என்று அம்புக்குறி காட்டினால், அவர் சரியாகப் போய்விடுவார்.

தெற்குச் சுவரில் இருப்பதைப் பார்ப்பவர் தெற்கு நோக்கி நிற்கிறார். இப்போது அவருடைய இடது கை கிழக்கு. ஆனா படம் அதே படம்தான். அம்புக்குறி இடது பக்கம்தான் காட்டுகிறது. மின்சார அறையில் தீப்பிடித்து விளக்கும் அணைந்துவிட்ட நேரத்தில், அவர் அதை நம்பி இடது பக்கம் ஓடினால், ஓடுவது தீ இருக்கும் பக்கம்.

காகிதத்தைத் தலைகீழாக ஒட்டினாலும் சரிவராது, எழுத்து தலைகீழாகிவிடும். படத்தை மட்டும் திருப்பி, எழுத்துகளை நேராக வைத்து, புள்ளியையும் மாற்றி அந்தச் சுவருக்கென்று தனியாக அச்சடிக்க வேண்டும். ஒரே பிரதியைப் பத்துச் சுவரில் ஒட்டுவது செலவு குறைவு என்பதால்தான் இந்தத் தவறு நடக்கிறது.

எப்படிச் சோதிப்பது?

வரைபடத்துக்கு நேராக நில்லுங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒன்றைத் தேர்வு செய்யுங்கள்; லிஃப்ட், கழிப்பறை, எதுவானாலும் சரி. அது உங்கள் வலது பக்கம் இருந்தால், படத்திலும் புள்ளிக்கு வலது பக்கம் இருக்க வேண்டும். மேலே சொன்ன தெற்குச் சுவரில் நிற்பவருக்கு லிஃப்ட் வலது கைப் பக்கம் இருக்கும். படமோ அதைப் புள்ளிக்கு இடது பக்கம் காட்டும். அப்படி இருந்தால் கட்டட நிர்வாகத்திடம் உடனே சொல்லுங்கள்.

அடுத்து, அம்புக்குறி காட்டும் வழியில் ஒருமுறை நடந்து பாருங்கள். படிக்கட்டுக் கதவு பூட்டியிருக்கிறதா, உடைந்த நாற்காலிகளும் அட்டைப் பெட்டிகளும் அடுக்கியிருக்கிறார்களா என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் தெரியாது. படத்தில் இரண்டு படிக்கட்டு இருந்தால் இரண்டையும் பார்த்து வைப்பது நல்லது. ஒன்றில் புகை ஏறிவிட்டால் அடுத்தது வேண்டும்.

லிஃப்டுக்கு ஏன் அம்புக்குறி இல்லை?

2024 டிசம்பர் 12-ஆம் தேதி இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீ விபத்து நடந்தது. லிஃப்டுக்குள் சிக்கியவர்கள் மயங்கிய நிலையில் மீட்கப்பட்டனர். ஒரு குழந்தை உட்பட ஆறு பேர் உயிரிழந்தனர்.

மின்சாரம் போனால் லிஃப்ட் பாதியில் நின்றுவிடும். லிஃப்ட் ஓடும் குழி எல்லா மாடிகளையும் இணைப்பதால், புகை மேலே ஏற அதுவே புகைபோக்கி மாதிரி ஆகிவிடுகிறது. அதனால்தான் பச்சை அம்புக்குறிகள் எப்போதும் படிக்கட்டை நோக்கியே போகும். வழியில் புகை இருந்தால் நிமிர்ந்து நடக்காமல் குனிந்தோ தவழ்ந்தோ போக வேண்டும். சூடான புகை முதலில் மேல்கூரைப் பக்கம் சேரும். சுவாசிக்கக்கூடிய காற்று தரையை ஒட்டித்தான் இருக்கும்.

பச்சையும் சிவப்பும்

பச்சை என்றால் தப்பிக்கும் வழி. சிவப்பு என்றால் தீயணைப்புச் சாதனம். சிவப்புக் கட்டத்துக்குள் சிலிண்டரும் பக்கத்தில் தீச்சுவாலையும் இருந்தால் அது தீயணைப்பான். ஒரு கை பட்டனை அழுத்துவது போல இருந்தால் அபாய மணி.

பலர் இங்கே குழம்புகிறார்கள். சிவப்புக் கட்டத்தைத் தேடி ஓட வேண்டும் என்பதல்ல அதன் அர்த்தம். தீயணைப்பான் குப்பைக் கூடை அளவு தீக்குத்தான். அலுவலகங்களில் இருக்கும் 6 கிலோ பவுடர் சிலிண்டரை அழுத்தினால் அரை நிமிடத்துக்குள் காலியாகிவிடும். எடுப்பதென்றால், வெளியேறும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தீ உங்களுக்கும் வாசலுக்கும் நடுவில் வந்துவிடும் என்று தோன்றினால் சிலிண்டரைத் தொடாமல் கிளம்பிவிடுங்கள். மணியை அழுத்திவிட்டு, வெளியே வந்ததும் 101 அல்லது 112-க்கு அழைக்கலாம்.

நான்கு அம்புகள் நடுவில் கூட்டம்

பச்சைக் கட்டத்தில் நான்கு மூலையிலிருந்தும் அம்புக்குறிகள் நடுவில் நிற்கும் மனிதர்களை நோக்கி இருந்தால், அது அசெம்ப்ளி பாயின்ட். வெளியே வந்தவர்கள் கூட வேண்டிய இடம். மெயின் கேட்டை அதற்கு ஒதுக்கக் கூடாது. தீயணைப்பு வண்டி உள்ளே வருவது அந்த வழியாகத்தான். கண்ணாடி உடைந்து விழும் தூரத்திலும் அது இருக்கக் கூடாது.

இந்த இடத்தின் முக்கிய வேலை தலைகளை எண்ணுவது. தீயணைப்பு வீரர்கள் வந்ததும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, "உள்ளே யாராவது இருக்காங்களா?" என்பதுதான். ஒருவர் வேறு வாசல் வழியாக இறங்கி, பயத்தில் யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால், கணக்கில் ஒரு ஆள் குறையும். அவரைத் தேடி வீரர்கள் புகைக்குள் போக வேண்டியிருக்கும்.