மேல் தட்டின் நிழலில் ஒரு சாம்பார் பொடிப் பெட்டி

சாம்பார் பொடிக்குப் புதிதாக ஓர் அட்டைப்பெட்டி வடிவமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அச்சுக்குப் போவதற்கு முன்னால், சூப்பர் மார்க்கெட் தட்டில் அது எப்படித் தெரியும் என்று பார்க்க ஒரு படம் தயாரிப்பார்கள். தட்டு, பெட்டிகள், விலைச்சீட்டு, விளக்கு எல்லாவற்றையும் கணினியில் முப்பரிமாணமாகக் கட்டி எடுக்கும் இந்தப் படத்துக்கு மாக்-அப் என்று பெயர். பெட்டியை ஏற்பதா, திருத்துவதா என்று உற்பத்தியாளர் முடிவெடுப்பது பல சமயம் இதைப் பார்த்துத்தான். அதனால் பெட்டி அழகாகத் தெரிந்தால் மட்டும் போதாது. கடையில் அதற்கு என்ன கதி நேருமோ, அது படத்திலும் தெரிய வேண்டும்.

முதல் வேலை, எல்லாவற்றுக்கும் நிஜ அளவு கொடுப்பது. நம் பெட்டி 9.5 செ.மீ. அகலம், 14 செ.மீ. உயரம், 4 செ.மீ. கனம், தட்டின் நீளம் 90 செ.மீ. நான்கு பெட்டிகளை முகம் காட்டி நிறுத்தினால் இடைவெளியோடு சுமார் 39 செ.மீ. போகும். மிச்ச இடம் போட்டியாளர்களுடையது. மசாலாத் தட்டில் சிவப்பும் மஞ்சளும்தான் அதிகம். பக்கத்துப் பெட்டிகளையும் அந்த நிறங்களிலேயே வைக்க வேண்டும். சுற்றிலும் வெள்ளைப் பெட்டிகளை நிறுத்திவிட்டு நம் சிவப்பு எடுப்பாக இருக்கிறது என்று மகிழ்வது ஏமாற்று வேலை.

இடைவெளியை எல்லா இடத்திலும் ஒரே அளவாக வைத்தால் நகலெடுத்து ஒட்டியது உடனே தெரிந்துவிடும். 2 மி.மீ., 4 மி.மீ. என்று மாற்றி வைத்து, ஒவ்வொரு பெட்டியையும் ஓரிரு டிகிரி திருப்பி, ஒன்றைச் சற்றே உள்ளே தள்ளினால் கடைப் பையன் கையால் அடுக்கியதுபோல் வரும். பின் வரிசைகளையும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சந்து வழியே வெறும் பின்பலகை தெரியும்.

பெரும்பாலான படங்கள் தவறுவது வெளிச்சத்தில். பெட்டிக்கு நேர் எதிரே ஒரு விளக்கை வைத்துவிடுகிறார்கள். கடையில் வெளிச்சம் வருவதோ நடைபாதையின் மேலே, கூரையிலிருந்து. விளக்கு 300 செ.மீ. உயரத்தில், தட்டின் விளிம்பிலிருந்து 75 செ.மீ. தள்ளி இருக்கிறது, மேல் தட்டின் கீழ்விளிம்பு 140 செ.மீ. உயரத்தில் என்று கொள்வோம். விளக்கு அந்த விளிம்பைவிட 160 செ.மீ. மேலே இருப்பதால், பெட்டி விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே போனால் நிழல் இரண்டு செ.மீ.க்குச் சற்று அதிகமாகக் கீழே இறங்கும். 2 செ.மீ. உள்ளே நிற்கும் பெட்டிக்கு நிழல் 4.3 செ.மீ. இறங்குகிறது. பெட்டிக்கு மேலே கைவிட 5 செ.மீ. இடம் இருப்பதால் முகத்தில் நிழல் படாது.

முன் வரிசை விற்றுப்போனதும் நிலைமை மாறுகிறது. அடுத்த பெட்டி 6 செ.மீ. உள்ளே நிற்கிறது. இப்போது நிழல் 12.8 செ.மீ. இறங்கும், அந்த 5 செ.மீ. போக, பெட்டியின் மேற்பகுதியில் 7.8 செ.மீ. நிழலுக்குள். அதாவது பாதிக்கும் மேல்! பிராண்டின் பெயரை வழக்கமாக அச்சிடுவது அங்கேதான். மற்ற விளக்குகளும் தரையில் பட்டுத் திரும்பும் ஒளியும் இந்த நிழலை மங்கலாக்கும், முழுக்க அழித்துவிடாது. கரும்பச்சையில் அடர்சிவப்பு எழுத்து வைத்த பெட்டி இந்த நிழலில்தான் தோற்கும். ஆகவே தட்டு நிரம்பிய படம் ஒன்று, முன் வரிசை காலியான படம் ஒன்று என்று இரண்டையும் கேட்டு வாங்குவது நல்லது.

விலைச்சீட்டு சிறியதுதான், ஆனால் பொய்யை முதலில் காட்டிக்கொடுப்பது அதுவே. தட்டு விளிம்பின் பிளாஸ்டிக் பட்டைக்குள் செருகிய காகிதம் அது. மேலே லேசான பளபளப்பு வேண்டும், தானே ஒளிர்வதுபோல் வெள்ளையாக நிற்கக்கூடாது. அதிலுள்ள எடை பெட்டியிலுள்ள எடையோடு பொருந்த வேண்டும். விற்பனை விலை பெட்டியில் அச்சான அதிகபட்ச சில்லறை விலையைத் தாண்டக்கூடாது. அந்த விலையில் வரிகளும் அடக்கம்.

பிளெண்டரில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று: View Transform என்ற இடத்தில் AgX இருந்தால் அடர்ந்த நிறங்கள் வெளிறும், பிராண்டின் சிவப்பு வேறு சிவப்பாகிவிடும். Standard என்று மாற்றினால் நிறம் நெருங்கி வரும். அதில் வெளிச்சம் மிகுந்த இடங்கள் சட்டென்று வெளுத்துவிடும் என்பதால் விளக்கின் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கேமராவை நிற்பவரின் கண் உயரத்தில், சுமார் 150 செ.மீ.யில், ஒன்றரை மீட்டர் தள்ளி வைக்கலாம்.

படம் வந்ததும் அதைக் கருப்பு வெள்ளையாக்கி, கைப்பேசித் திரையில் சின்னதாக வைத்து, பெட்டியைப் பார்த்திராத ஒருவரிடம் காட்டிப் பாருங்கள். நான்கு பெட்டிகளும் ஒரே கூட்டமாகப் பிரிந்து தெரிகின்றனவா, பெயரைப் படிக்க முடிகிறதா என்பதற்கு இது பதில் சொல்லும். வார்னிஷின் மினுக்கும் அட்டையின் நிஜ நிறமும் மட்டும் திரையில் பிடிபடாது. அவற்றுக்கு ஒரு மாதிரிப் பெட்டியை அச்சடித்து, உண்மையான கடையில் அனுமதி பெற்றுத் தட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.