உருண்டால் ஏன் லேசாகிறது?

ஒரு டன் மரப்பெட்டியைச் சிமென்ட் தரையில் இழுக்க, சுமார் 500 கிலோவைத் தூக்கும் அளவு விசை வேண்டும். டயர் வண்டியில் ஏற்றிச் சமமான தார்ச்சாலையில் மெதுவாகத் தள்ளினால் 10, 15 கிலோ போதும். தண்டவாளத்தில் ஓரிரு கிலோதான்!

உருளும் சக்கரத்தில் தரையைத் தொடும் இடம் அந்தக் கணத்தில் வழுக்குவதில்லை. உரசல் அச்சுக்குப் போய்விடுகிறது. அங்கே பேரிங்கும் கிரீஸும் இருக்கின்றன.

மீதித் தடை எங்கிருந்து வருகிறது? டயரின் அடிப்பகுதி சுமையில் நசுங்கி, பிறகு நிமிர்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுதாகத் திரும்புவதில்லை, கொஞ்சம் வெப்பமாகிவிடும். காற்று குறைந்த டயர் ஓடியபின் சுடுவது இதனால்தான். மணலிலோ தரையே நசுங்கிச் சக்கரத்தின் முன்னால் மேடு கட்டும்; லாபத்தில் பெரும்பகுதி போச்சு.

பைக்கைத் தள்ளும்போது கனத்தால், முதலில் டயரில் காற்றைப் பாருங்கள்.