பெருந்தெருவிற் கட்டாக்காலி மாடுகள்: விபத்தும் காப்புறுதி அறிக்கையும்

பெரும்போகத்தில் வயல்கள் விதைக்கப்பட்டு வேலியடைக்கப்பட்டபின், வன்னியிலும் மட்டக்களப்பிலும் மாட்டுப் பட்டிகளுக்கு மேய்ச்சல் தரை குறைந்துவிடுகின்றது. அறுவடை முடிந்த வயல்களில் அடிக்கட்டையை மேய்ந்து திரிந்த மாடுகள், இக்காலத்திற் காட்டோரங்களுக்கும் குளத்தோரங்களுக்கும் தெருவோரங்களுக்கும் ஒதுங்குகின்றன. கார்த்திகை, மார்கழி மாதங்களில் மழையினால் நிலம் சேறாகும்போது தாரிட்ட தெருவே அவற்றுக்குக் காய்ந்த இடமாகும். பகற்சூடு தாரில் இரவிலும் ஓரளவு தங்கியிருக்கும். திறந்த வெளியிற் காற்று வீசுவதால் நுளம்புத் தொல்லையும் குறைவு. ஆகவே, இரவிற் பட்டியில் அடைக்கப்படாத மாடுகள் பெருந்தெருவில் வந்து படுப்பது இயல்பேயாகும்.

இவ்வாறு கிடக்கும் மாடுகளுடன் வாகனம் மோதும்போது நட்டமடைவோர் இரு பக்கத்திலும் பெரும்பாலும் கமக்காரரேயாவர். ஒருவர் மாட்டை இழக்கின்றார். மற்றவர் சந்தைக்கு ஏற்றிய மரக்கறியையும் லொறியையும் இழக்கின்றார். அதன்பின் நட்டஈடு கிடைப்பதும் கிடையாமற் போவதும், சாரதி காப்புறுதிக் கம்பனிக்குக் கொடுக்கும் அறிக்கையிற் பெரிதும் தங்கியுள்ளன. அவ்வறிக்கை எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதும், அதன் ஒவ்வொரு கூற்றும் எதற்குப் பயன்படுகின்றது என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

விபத்து நிகழும் விதம்

இத்தகைய விபத்தொன்று பின்வருமாறு நிகழ்கின்றதெனக் கொள்க. கிளிநொச்சிப் பகுதிக் கமக்காரர் ஒருவரின் சிறிய லொறி, கத்தரிக்காயும் பூசணிக்காயும் ஏற்றிக்கொண்டு ஏ9 தெருவழியாகத் தம்புள்ளைச் சந்தைக்குச் செல்கின்றது. மார்கழி மாதம், அதிகாலை 4 மணி 20 நிமிடம், மழை தூறுகின்றது. முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் எதிரே பேருந்து ஒன்று வருகின்றது. சாரதி முகப்பு விளக்குகளைத் தாழ்த்துகின்றார். பேருந்து கடந்து சென்றதும், ஏறக்குறைய 40 மீற்றர் தூரத்தில், இடப்பக்கத்தில் மூன்று மாடுகள் படுத்திருப்பதையும் அவற்றினருகே சில மாடுகள் நிற்பதையும் காண்கின்றார். பிறேக்கை அழுத்துகின்றார். லொறி சறுக்கிச் சென்று, நின்ற கறுத்தப் பசுவொன்றை மோதுகின்றது. பசு இறக்கின்றது, வேறொரு மாட்டின் கால் முறிகின்றது. லொறியின் முன்புறமும் நீர்க்குளிரூட்டியும் நசுங்குகின்றன, கண்ணாடி வெடிக்கின்றது. மனிதர் எவருக்கும் காயமில்லை.

சாரதி தாமதியாது கண்டார், பிறேக்கையும் அழுத்தினார். எனினும் லொறி நிற்கவில்லை. அதன் காரணம் கணக்கினால் விளங்கும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வாகனம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் ஓடுகின்றது. கண் கண்டு, கால் பிறேக்கை அழுத்துவதற்கு ஒன்றரைச் செக்கன் கழியும். அதற்குள் 25 மீற்றர் கடந்துவிடும். அதன்பின், பாரமேற்றிய லொறி ஈரமான தெருவில் நிற்பதற்கு மேலும் 30 மீற்றர் வரையில் வேண்டும். ஆக, 55 மீற்றர். தாழ்த்திய விளக்கிற் கறுத்த மாடு தெளிவாகத் தெரியும் தூரமோ 40 மீற்றர் அல்லது அதனினுங் குறைவு. மாடு விளக்கை நோக்கினால் அதன் கண்கள் ஒளிரும். முதுகைக் காட்டி நின்றால் ஒளிர்வதற்கு யாதுமில்லை. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகமாயின் அதே லொறி ஏறக்குறைய 30 மீற்றரில் நின்றிருக்கும்.

விபத்து நடந்த இடத்திற் செய்ய வேண்டியவை

முதலில் வாகனத்தின் அபாய விளக்குகளை எரியவிட்டு, பின்னால் வரும் வாகனங்களுக்கு எச்சரிக்கை செய்தல் வேண்டும். பட்டியிற் பிரிந்தோடிய மாடுகள் ஒன்றையொன்று தேடி மீண்டும் தெருவுக்கு வரும். இரண்டாவது விபத்து இதனாலேயே நேர்கின்றது. அடுத்து, காப்புறுதிக் கம்பனிக்கு அவ்விடத்திலிருந்தே தொலைபேசியில் அறிவித்து, அவர்கள் கொடுக்கும் தொடர்பிலக்கத்தைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். அருகிலுள்ள பொலிசு நிலையத்திலும் முறைப்பாடு பதிவுசெய்தல் வேண்டும்.

வாகனத்தை நகர்த்துமுன் புகைப்படங்கள் எடுத்தல் அவசியம். அகன்ற காட்சியாகத் தெருவும் வாகனமும் மாடும் ஒருங்கே தெரியும்படி ஒன்று; வாகனத்தின் சேதத்தைக் காட்டுவது ஒன்று; இறந்த மாட்டின் குறிசுட்ட அடையாளத்தையும், காதில் இலக்கத் தகடு இருப்பின் அதனையும் காட்டுவது ஒன்று. இக்கடைசிப் படத்தை எடுக்கப் பலர் மறந்துவிடுகின்றனர். பொழுது விடிந்தபின் மாட்டுக்கு உரியவர் எவரும் முன்வராதிருப்பது பொதுவான அனுபவம்; உரிமை கூறினால் நட்டஈடு கேட்கப்படும் என்ற அச்சமே காரணம். மாட்டின் உடல் அகற்றப்பட்டபின் அது எவருடையது என்று நிறுவுவதற்கு அக்குறியன்றி வேறு சான்றில்லை. காயமுற்ற மாட்டைக் குறித்துக் கால்நடை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும். அதனை அவ்விடத்திலேயே அறுக்க எவரையும் அனுமதித்தல் கூடாது.

அறிக்கை எழுதும் முறை

அஞ்சிய சாரதி வழக்கமாக எழுதுவது இதுவாகும்: “மெதுவாகச் சென்றுகொண்டிருந்தேன். திடீரென மாடுகள் குறுக்கே பாய்ந்தன. என்மீது பிழையில்லை.” இவ்வறிக்கை மூன்று வகையிற் குறையுடையது. வேகம் கூறப்படவில்லை. படுத்திருந்த மாடுகள் பாய்ந்தனவாகக் கூறப்படுகின்றன. பிழை யாருடையது என்ற தீர்ப்பை, அறிக்கை எழுதுபவரே அளித்துவிடுகின்றார்.

நட்ட மதிப்பீட்டாளர் இக்கூற்றுகளை வாகனத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பார். படுத்திருந்த மாட்டை மோதினாற் சேதம் தாழ்வாக, முன்தாங்கியிலும் அதன் அடியிலும் காணப்படும். நின்ற மாட்டை மோதினால் விளக்குகளின் உயரத்திலும் அதன் மேலும் காணப்படும். உரோமமும் அங்கே ஒட்டியிருக்கும். சாரதி, “40 கிலோமீற்றர் வேகத்திற் சென்றேன், 40 மீற்றர் தூரத்திற் கண்டேன்” என்று எழுதினால், அவ்வேகத்தில் லொறி 30 மீற்றரில் நின்றிருக்குமே என்ற வினா எழும். அவ்வினாவுக்கு விடையில்லாதபோது முழு அறிக்கையும் ஐயத்துக்குள்ளாகும்.

மேற்கூறிய விபத்துக்குப் பொருத்தமான அறிக்கை பின்வருமாறு அமையலாம்:

“அதிகாலை 4.20 மணியளவில், முறிகண்டியிலிருந்து மாங்குளம் நோக்கிச் சென்றேன். மழை தூறியது, தெரு ஈரமாக இருந்தது, தெருவிளக்கு இல்லை. வேகம் மணிக்கு ஏறக்குறைய 60 கிலோமீற்றர். எதிரே பேருந்து வந்தமையால் விளக்கைத் தாழ்த்தியிருந்தேன். பேருந்து கடந்ததும், ஏறக்குறைய 40 மீற்றர் தூரத்தில் என் பக்கத்தில் மூன்று மாடுகள் படுத்திருக்கவும் இரண்டு அல்லது மூன்று நிற்கவும் கண்டேன். உடனே பிறேக்கை அழுத்தினேன். வலப்பக்கத்திலும் மாடு நின்றமையால் வாகனத்தைத் திருப்பவில்லை. நின்ற கறுத்தப் பசுவொன்றில் வாகனத்தின் இடது முன்புறம் மோதியது. மேய்ப்பவர் எவரையும் நான் காணவில்லை. பசுவின் வலது தொடையிற் குறி இருந்தது, படம் இணைக்கப்பட்டுள்ளது.”

இவ்வறிக்கையில் வேகம் மறைக்கப்படவில்லை. “மேய்ப்பவர் இல்லை” என்று எழுதாது, “நான் காணவில்லை” என்று எழுதியிருப்பதையும் கவனித்தல் வேண்டும். கண்டது மாத்திரமே சான்றாகும். பிறர் கூறியதை எழுத நேர்ந்தால், கூறியவர் யார் என்பதையும் சேர்த்தெழுதுதல் வேண்டும். தெருவின் இரு ஓரங்களையும், வாகனம் நின்ற இடத்தையும், மாடுகள் கிடந்த இடத்தையும், அருகிலுள்ள கிலோமீற்றர்க் கல்லிலிருந்து தூரத்தையும் காட்டும் சிறு வரைபடம் ஒன்றையும் இணைத்தல் நன்று.

உண்மையான வேகத்தை எழுதினால் நட்டஈடு மறுக்கப்படும் என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணமாகும். முழுமையான காப்புறுதியின் நோக்கமே, சாரதியின் சாதாரண கவலையீனத்தால் விளையும் நட்டத்தையும் ஈடுசெய்வதாகும். அனுமதிப்பத்திரமின்றி ஓட்டுதல், மதுபோதையில் ஓட்டுதல் என்பன போன்ற விலக்குகள் வேறு. ஆயின், அறிந்து கூறிய பொய்யொன்று, செல்லத்தக்க கோரிக்கையையும் செல்லாததாக்கக் கூடும்.

காப்புறுதி கொடுப்பதும் கொடாததும்

1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமாகிய மூன்றாந் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ளவருக்கு, தமது லொறியின் சேதத்துக்கு யாதுங் கிடையாது. முழுமையான காப்புறுதி உள்ளவருக்கு, ஒப்பந்தத்திற் குறித்த கழிவுத்தொகை நீங்கலாகத் திருத்தச் செலவு கிடைக்கும். அவர்தம் கோரலின்மைக் கழிவு அடுத்த ஆண்டிற் குறையலாம். ஏற்றிய கத்தரிக்காயும் பூசணிக்காயும் பொதுவாக வாகனக் காப்புறுதியில் அடங்கா. சரக்குக்கு வேறாகக் காப்புறுதி செய்திருத்தல் வேண்டும். சேதம் சிறிதாயின், கழிவுத்தொகையையும் இழக்கும் சலுகையையும் கூட்டிப் பார்த்தபின் கோரிக்கை விடுப்பதா என்று தீர்மானிக்கலாம். ஆயினும் விபத்தை அறிவிப்பதைத் தவிர்த்தல் கூடாது. மாட்டுக்காரர் பின்னர் சாரதிமீது நட்டஈடு கோரவும் கூடும்.

அவ்வாறு மாட்டுக்காரர் விபத்திடத்துக்கு வந்து விலை கேட்டால், சாரதி பணங் கொடுக்க உடன்படுதலோ, தம்மீது பிழையென எழுதிக்கொடுத்தலோ கூடாது. கம்பனியின் சம்மதமின்றிச் செய்த உடன்பாடு கம்பனியைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்த நிபந்தனையை மீறியதாகவும் கொள்ளப்படலாம்.

மாட்டுக்காரரின் பொறுப்பு

மாடு தெருவில் நின்றது என்பதனால் மட்டும் அதன் உரிமையாளர் பொறுப்பாளியாகிவிடமாட்டார். அவர் கவலையீனமாக இருந்தார் என்பது பொதுவாக நிறுவப்படல் வேண்டும். பட்டி வேலியை அன்றிரவு எவரோ வெட்டித் திறந்திருந்தால் நிலைமை ஒன்று. நாள்தோறும் இரவில் மாடுகளைத் தெருவோரத்தில் விட்டிருந்தால் நிலைமை வேறு. சாரதியின் வேகமும் ஒரு காரணமாயின் நட்டஈடு அதற்கேற்பக் குறைக்கப்படலாம். லொறிக்காரருக்குப் பணங் கொடுத்த காப்புறுதிக் கம்பனி, அவருடைய இடத்தில் நின்று அத்தொகையை மாட்டுக்காரரிடம் கோரும் உரிமையுடையது. ஆகவே, லொறிக்காரர் மன்னித்துவிட்டார் என்பதனால் விடயம் முடிந்துவிடாது.

பெரும்போக காலத்திற் பட்டியைத் தெருவினின்றும் தள்ளி அமைத்து, பொழுது சாயுமுன் மாடுகளை எண்ணி அடைத்து, வேலியிலுள்ள கண்டாயத்தைக் கட்டிவிடுவதே மாட்டுக்காரருக்குப் பாதுகாப்பு. மாடுகளைத் தெருவைக் கடத்தும்போது ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் நிற்றல் வேண்டும். முன்சென்ற மாட்டைப் பின்தொடர்ந்து மற்றவை பாய்வது மாட்டின் இயல்பு. அதே காரணத்தால், முதல் மாடு கடந்ததைக் கண்ட சாரதி, தெரு வெறுமையாகிவிட்டதென எண்ணி வேகத்தைக் கூட்டுதல் கூடாது. இரண்டாவது மாட்டை எதிர்பார்த்து நிறுத்துதல் வேண்டும்.