ஸ்பாட் அவார்டும் பரிசு வவுச்சரும்: எதற்கு வரி, எதற்கு இல்லை?

வேலை பார்க்கும் இடத்திலிருந்து, அந்த வேலையின் காரணமாக ஊழியருக்குக் கிடைக்கும் எதையும் இந்திய வருமான வரிச் சட்டம் சம்பளத்தோடு சேர்த்தே பார்க்கிறது. மாதச் சம்பளமும் போனஸும் மட்டுமல்ல, நள்ளிரவு வரை உட்கார்ந்து ஒரு கோளாறைச் சரிசெய்த பொறியாளருக்கு மேலாளர் அனுப்பும் 2,000 ரூபாய் வவுச்சரும், தீபாவளிக்கு வரும் வெள்ளிக் கிண்ணமும், 'இந்தக் காலாண்டின் சிறந்த ஊழியர்' என்ற பாராட்டோடு வங்கிக் கணக்கில் விழும் 10,000 ரூபாயும் இதில் அடக்கம். விதிவிலக்கு ஒன்று உண்டு, ஆனால் அது சிறியது.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, சம்பளம் என்பதற்குள் 'பெர்க்விசிட்' எனப்படும் கூடுதல் சலுகைகளையும் அடக்குகிறது. நிறுவனம் தரும் வீடு, கார் போன்றவை இந்த வகையில் வருகின்றன. அவற்றின் மதிப்பை எப்படிக் கணக்கிடுவது என்று 1962ஆம் ஆண்டு விதிகளில் 3ஆம் விதி சொல்கிறது. பரிசுகளுக்கான பகுதி அந்த விதியின் 7ஆம் உட்பிரிவில் இருக்கிறது. விசேஷ நாளிலோ மற்ற நேரத்திலோ நிறுவனம் ஊழியருக்கோ அவர் வீட்டாருக்கோ கொடுக்கும் பரிசு, வவுச்சர், டோக்கன் ஆகியவற்றின் முழுத் தொகையும் அவருடைய வருமானம். ஆனால் ஒரு நிதியாண்டில் இவற்றின் மொத்த மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால், மதிப்பு பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்ளப்படும். ஊழியர் பழைய வரிமுறையில் இருந்தாலும் புதிய வரிமுறையில் இருந்தாலும் இந்தச் சலுகை உண்டு.

இந்த 5,000 ரூபாய் ஒவ்வொரு பரிசுக்கும் தனித்தனியாகக் கிடைப்பதல்ல, ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஓர் ஆண்டின் மொத்தக் கணக்கு. பொங்கலுக்கு 1,500 ரூபாய், தீபாவளிக்கு 2,000 ரூபாய், இடையில் ஒரு ஸ்பாட் அவார்டு 2,500 ரூபாய் என்று வந்தால், தனியாகப் பார்க்க ஒவ்வொன்றும் சின்னத் தொகைதான். கூட்டினால் எல்லை தாண்டிவிடுகிறது. ஊழியரின் மனைவிக்கோ கணவருக்கோ, பிள்ளைகளுக்கோ, பெற்றோருக்கோ நிறுவனம் கொடுத்த பரிசும் இதே கணக்கில்தான் சேரும். குடும்ப விழாவில் குழந்தைகளுக்குத் தந்த பரிசுப் பொருளை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை, விதி அதையும் விட்டுவைக்கவில்லை.

வரம்பைவிட முக்கியமான கேள்வி, வந்தது பொருளா பணமா என்பது. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2001ஆம் ஆண்டின் 15ஆம் எண் சுற்றறிக்கையில் இதைத் தெளிவாக்கியது. ரொக்கமாகவோ, பரிசுக் காசோலைபோலப் பணமாக மாற்றிக்கொள்ளக்கூடிய வடிவிலோ கொடுத்தால் அதற்கு இந்தச் சலுகை கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே வரி உண்டு. ஆகவே மேலாளர் 500 ரூபாயை ஊழியரின் கணக்கில் நேராகப் போட்டாலும் அது முழுச் சம்பளம். அதே 500 ரூபாய் ஒரு கடையின் வவுச்சராக வந்தால் 5,000 ரூபாய்க் கணக்குக்குள் போகிறது. கொடுத்தவரின் நோக்கமும் வாங்கியவரின் மகிழ்ச்சியும் ஒன்றுதான் என்றாலும் வரி மாறிவிடுகிறது.

எங்கும் செலவழிக்க உதவும் பரிசு அட்டைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, முன்பணம் செலுத்திய பரிசு அட்டையில் அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் ஏற்றலாம். ஒருமுறை ஏற்றியதும் மீண்டும் ஏற்ற முடியாது, அதிலிருந்து ரொக்கம் எடுக்கவோ வேறு கணக்குக்குப் பணம் மாற்றவோ முடியாது. பணமாக மாற்ற வழியில்லாததால் அவற்றை வவுச்சர் வகையில் சேர்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. சம்பளக் கணக்கோடு இணைந்த, ஏ.டி.எம்.மில் பணம் எடுக்க உதவும் அட்டையில் தொகையை ஏற்றிவிட்டு அதைப் 'பரிசு' என்று அழைத்தால் அந்தக் காரணம் நிற்காது.

ஸ்பாட் அவார்டுக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தீபாவளிப் பரிசு எல்லோருக்கும் வருவது. ஸ்பாட் அவார்டோ ஒருவர் செய்த குறிப்பிட்ட வேலைக்காக வருவது. வேலைக்குக் கைம்மாறாகத் தருவதைப் பரிசு என்று சொல்லலாமா? விதியில் விசேஷ நாளோடு 'மற்ற நேரத்திலும்' என்ற பொருளில் பரந்த சொற்கள் இருப்பதால், வவுச்சராகத் தரும் ஸ்பாட் அவார்டையும் அதற்குள் அடக்கலாம் என்று கருதும் நிறுவனங்கள் உண்டு. திறமைக்குத் தரும் எதுவும் ஊக்கத்தொகைதான் என்று முதல் ரூபாயிலிருந்தே வரி பிடிக்கும் எச்சரிக்கையான நிறுவனங்களும் உண்டு. விற்பனை இலக்கை எட்டினால் இத்தனை ரூபாய்க்கு வவுச்சர் என்று முன்கூட்டியே அறிவித்துத் தருவதை ஊக்கத்தொகையாகப் பார்ப்பதே சரி. எதிர்பாராமல் எப்போதாவது வரும் சிறிய வவுச்சரைப் பரிசாகப் பார்க்க விதியின் சொற்கள் இடம் தருகின்றன.

5,000 ரூபாயைத் தாண்டினால் வரி முழுத் தொகைக்கா, தாண்டிய பகுதிக்கு மட்டுமா என்பதில் கருத்து இரண்டாகப் பிரிகிறது. விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால், குறைவாக இருந்தால் பூஜ்ஜியம், இல்லையென்றால் முழுத் தொகையும் வருமானம். 2001 சுற்றறிக்கையோ 5,000 ரூபாய் வரை விலக்கு, அதற்கு மேற்பட்டதற்கே வரி என்கிறது.

ஓர் உதாரணத்தில் இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவன ஊழியரின் 2025-26 நிதியாண்டுச் சம்பளம் 18 லட்சம் ரூபாய். புதிய வரிமுறையில் 75,000 ரூபாய் நிலையான கழிவு போக 17.25 லட்சம் மிஞ்சும். ஆகவே கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் 20 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 20.8 சதவீதம். அவருக்கு ஜூலையில் 2,500 ரூபாய் வவுச்சர் ஸ்பாட் அவார்டாக வந்தது. அக்டோபரில் 2,000 ரூபாய் மதிப்புள்ள தீபாவளிப் பரிசுப் பெட்டி வந்தது. ஜனவரியில், நிறுவனத்தின் பாராட்டுத் தளத்தில் சேர்ந்திருந்த புள்ளிகளைக் கொடுத்து 1,500 ரூபாய்க்கு ஒரு வவுச்சர் வாங்கிக்கொண்டார். பிப்ரவரியில் 5,000 ரூபாய் ரொக்க விருது சம்பளத்தோடு வந்தது.

ரொக்க விருதில் விவாதமே இல்லை. 5,000 ரூபாய்க்கும் வரி, அதாவது 1,040 ரூபாய். மீதி மூன்றும் சேர்ந்து 6,000 ரூபாய். சுற்றறிக்கையின்படி வரிக்கு வருவது 1,000 ரூபாய், வரி 208 ரூபாய். விதியின் சொல்லைப் பிடித்துக்கொண்டால் 6,000 ரூபாயும் வரிக்கு வரும், வரி 1,248 ரூபாய். ஒரே பரிசுகள், ஆனால் சம்பளப் பிரிவு எந்த வாசிப்பைப் பின்பற்றுகிறதோ அதைப் பொறுத்து 1,040 ரூபாய் வித்தியாசம். ஊழியருக்கு நியாயமானது சுற்றறிக்கையின் வாசிப்புதான். விதியின் சொற்படி போனால், 4,999 ரூபாய் வாங்கியவர் ஒன்றும் கட்ட வேண்டாம், இன்னொரு ரூபாய் அதிகம் வாங்கியவர் முழுத் தொகைக்கும் கட்ட வேண்டும். நிறுவனத்தின் பரிசுத் திட்டம் 5,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே நிறுத்தப்பட்டிருந்தால் அதன் காரணம் இதுதான்.

வரியைப் பிடித்துக் கட்டும் பொறுப்பு 192ஆம் பிரிவின்படி நிறுவனத்தைச் சேர்ந்தது. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வவுச்சர் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது, ஆனாலும் அதன் தொகை அந்த மாதச் சம்பளச் சீட்டில் வருமானமாகவும், அதே தொகை கழிவாகவும் இரண்டு வரிகளில் தோன்றும். தொகையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று நினைக்கத் தேவையில்லை. வரிக்கணக்கில் சேர்ப்பதற்காக ஒரு பக்கம் காட்டி, ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதால் மறுபக்கம் கழிக்கிறார்கள். கையிலிருந்து உண்மையில் போவது டி.டி.எஸ். மட்டும்.

நிறுவனம் விரும்பினால் பணமல்லாத பரிசுக்கான வரியைத் தானே கட்டலாம், 192ஆம் பிரிவிலேயே அதற்கு இடமிருக்கிறது. அப்படிக் கட்டும் வரி ஊழியரின் வருமானமாக மீண்டும் சேராது, 10(10சிசி) பிரிவு விலக்கு தருகிறது. ஆனால் நிறுவனம் அந்த வரியைத் தன் செலவாகக் காட்ட முடியாது. ரொக்க விருதுக்கு இந்த வழி இல்லை. ஊழியர் கையில் முழுசாக 10,000 ரூபாய் சேர வேண்டுமென்றால், மேலே கண்ட ஊழியருக்கு 12,626 ரூபாய் அறிவிக்க வேண்டும். அதில் 20.8 சதவீதம் போனால்தான் 10,000 நிற்கும். பாராட்டு மேடையில் அறிவித்த தொகை ஒன்று, கணக்கில் விழுந்த தொகை வேறு என்று ஊழியர் மனம் நோகாமலிருக்க, அறிவிப்பிலேயே 'வரிக்கு முன்' என்றோ 'வரி போக' என்றோ சொல்லிவிடுவதுதான் முறை.

வேறு வரம்புகளை இதோடு கலந்துவிடுவதால் வரும் தவறுகளும் உண்டு. ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை பரிசுக்கு வரியில்லை என்பது நண்பர்கள், வெளியார் தரும் பரிசுகளுக்கான விதி. நிறுவனம் வேலைக்காரணமாகத் தருவது சம்பளத் தலைப்பில் வருவதால் அந்த விதி இதற்குப் பொருந்தாது. சாப்பாட்டுக்கு மட்டும் பயன்படும் கூப்பனுக்கு 1962ஆம் ஆண்டு விதிகள் தந்த, வேளைக்கு 50 ரூபாய் என்ற விலக்கு தனிக் கணக்கு, அதுவும் பழைய வரிமுறையில் மட்டும். நிறுவனத்தின் ஊழியராக இல்லாமல் ஒப்பந்த ஆலோசகராக இருப்பவருக்கு வவுச்சர் வந்தால் இந்த 5,000 ரூபாய்ச் சலுகையே கிடையாது. ஆண்டில் அப்படிக் கிடைத்தவை 20,000 ரூபாயைத் தாண்டினால் 194ஆர் பிரிவின்படி 10 சதவீதம் பிடிக்கப்படும்.

புள்ளிகள் விஷயத்தில் நேரம் முக்கியம். வெறும் புள்ளியாகத் தளத்தில் கிடக்கும்வரை அது காலாவதியாகிப் போகவும் கூடும். அதனால் வவுச்சராக மாற்றும் நாளையே பெற்ற நாளாகக் கொள்வது பொருத்தமானது. மார்ச் மாதக் கடைசியில் ஆண்டின் மொத்தம் 5,000 ரூபாயை நெருங்கியிருந்தால், மீதிப் புள்ளிகளை ஏப்ரலில் மாற்றிக்கொள்வது அடுத்த ஆண்டின் கணக்கில் சேரும். ஆனால் தன் நிறுவனம் புள்ளி வழங்கிய நாளைக் கணக்கில் கொள்கிறதா, மாற்றிய நாளையா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கணக்கு சரியா என்று பார்க்க, படிவம் 16உடன் வரும் படிவம் 12பிஏ போதும். அதில் பரிசு, வவுச்சர் என்று தனி வரி இருக்கிறது. அங்கே காட்டப்பட்ட தொகையையும் ஆண்டு முழுதும் வந்த வவுச்சர் மின்னஞ்சல்களையும் ஒப்பிட்டால் விடுபட்டதும் இரட்டித்ததும் தெரிந்துவிடும். நிறுவனம் ஒரு பரிசைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தாலும் ஊழியரின் பொறுப்பு தீர்ந்துவிடாது, வருமான வரிக் கணக்கில் அவர் அதைச் சம்பளத்தோடு காட்டியாக வேண்டும்.

இங்கே சொன்ன 5,000 ரூபாய் வரம்பும் பிரிவு எண்களும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 1962ஆம் ஆண்டு விதிகளுக்கும் உரியவை. 2026 மார்ச் 31 வரை பெற்ற பரிசுகளுக்கு அவை பொருந்தும். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால், அதற்குப் பிறகு கிடைக்கும் பரிசுக்கு, புதிய சட்டத்தின் விதிகளில் உள்ள வரம்பையே பார்க்க வேண்டும்.